நுரை பொங்கினால் அழுக்கு போகுமா? சோடா, வினிகர், இரண்டின் கலவை: ஓர் அலசல்

சிங்க் அடைத்துக்கொண்டால் அரை கப் ஆப்ப சோடாவைக் கொட்டி, மேலே அரை கப் வினிகர் ஊற்றி, கடைசியில் வெந்நீர் விடச் சொல்கிறார்கள். வினிகர் ஊற்றியதும் புஸ்ஸென்று நுரை பொங்கும். பார்க்கிறவருக்கு உள்ளே ஏதோ பெரிய வேலை நடக்கிறது என்று தோன்றும். நானும் அப்படி நம்பிப் பல தடவை ஊற்றியிருக்கிறேன்.

சோடா காரம், வினிகர் அமிலம். காரத்தால் எண்ணெய்ப் பிசுக்கும் கருகிய பாலும் இளகும். உப்புத்தண்ணீர் விட்டுப்போகும் வெள்ளைக் கறையை அமிலம் கரைக்கும். இரண்டையும் ஒரே இடத்தில் கொட்டினால், அழுக்கைத் தொடுவதற்கு முன்பே ஒன்றையொன்று தீர்த்துக்கொள்ளும். மிஞ்சுவது தண்ணீர், அதில் கரைந்த சோடியம் அசிட்டேட் என்ற உப்பு, மேலே பறந்துபோகும் கரியமில வாயு. அந்த உப்புத்தண்ணீருக்கு அழுக்கு எடுக்கும் சக்தி ஏறக்குறைய இல்லை.

கணக்குப் போட்டால் இன்னும் தெளிவாகும். கடையில் கிடைக்கும் வினிகரில் பெரும்பாலும் 4 சதவீதம்தான் அமிலம். அரை கப், அதாவது சுமார் 120 மில்லி வினிகரை முழுதாகத் தீர்த்துக்கட்ட 7 கிராம் சோடா போதும். ஒன்றரை டீஸ்பூனுக்குக் கொஞ்சம் குறைவு. அரை கப் சோடாவோ 100 கிராமுக்கு மேல் வரும். ஆக, வினிகர் மொத்தமும் வீண். மிச்சம் 90 கிராமுக்கு மேல் ஈரமான சோடா குழாய்க்குள் கிடக்கிறது. "எனக்கு வேலை செய்ததே" என்று சிலர் சொல்வது பொய்யில்லை. மிஞ்சிய அந்தச் சோடாவும் கடைசியில் ஊற்றிய வெந்நீரும் செய்த வேலை அது. பெயரை நுரை தட்டிக்கொண்டு போகிறது. அடைப்பை அந்த நுரை தள்ளாதா என்றால், மேலே திறந்திருக்கும் ஓட்டை வழியாக வாயு சுலபமாக வெளியேறிவிடும். அழுத்தம் சேர வாய்ப்பே இல்லை. (அதே கலவையை பாட்டிலில் ஊற்றி மூடி வைத்தால் மட்டும் அழுத்தம் சேரும், பாட்டிலே வெடிக்கலாம். "ஸ்ப்ரே பாட்டிலில் கலந்து வையுங்கள்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.)

இனி தனித்தனியாகப் பார்ப்போம். அடிப்பிடித்த பால் பாத்திரத்துக்கு என் ஓட்டு சோடாவுக்கு. எவர்சில்வர் பாத்திரத்தில் கருகல் மூழ்கும் அளவு தண்ணீர், இரண்டு டீஸ்பூன் சோடா, பத்து நிமிடம் கொதி. ஆறியதும் மரக்கரண்டியால் தள்ளினால் ஏடு ஏடாகக் கிளம்பும். வினிகரால் இது இவ்வளவு நன்றாக வராது. அலுமினியப் பாத்திரத்தில் மட்டும் சோடாவைக் கொதிக்க விடாதீர்கள், கறுத்துப்போகும்.

குழாய் முனையிலும் ஷவரிலும் படியும் உப்புக்கறைக்கு சோடா உதவாது, தேய்த்துத் தேய்த்துக் கைதான் வலிக்கும். துணியை வினிகரில் நனைத்து, குழாயில் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு அரை மணி நேரம் விடுங்கள். இங்கேயும் சின்னச் சின்னக் குமிழிகள் வரும். ஆனால் இவை கறையே கரைந்து வருகிற குமிழிகள். சிங்கில் பார்த்தவை அமிலம் வீணான குமிழிகள். வினிகரைவிட எனக்குப் பிடித்தது எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் ஆசிட். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு டேபிள்ஸ்பூன் கரைத்தால் வினிகரைவிடக் கொஞ்சம் வீரியமாக இருக்கும், அந்த மூக்கைத் துளைக்கும் வாடையும் கிடையாது. முலாம் பூசிய குழாயில் அரை மணிக்கு மேல் விட்டால் பளபளப்பு போகலாம். மார்பிள் பக்கமே இரண்டையும் கொண்டுபோகக் கூடாது, கல்லையே அரிக்கும்.

சிங்க் அடைப்புக்கு? சோடா, வினிகர் இரண்டுமே தேவையில்லை. தண்ணீர் மெதுவாகவாவது இறங்கினால் அது அனேகமாக எண்ணெய்ப் பிசுக்கு. பாத்திரம் கழுவும் திரவத்தைத் தாராளமாக ஊற்றி, கை பொறுக்கும் சூட்டில் ஒரு வாளி வெந்நீர் விடுங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பிவிசி குழாய் இளகும். அதற்கும் அசையாவிட்டால் ரப்பர் பம்ப். சிங்கில் நாலு விரல் தண்ணீர் நிற்கட்டும், பக்கத்தில் வேறு ஓட்டை இருந்தால் ஈரத்துணியால் அடையுங்கள். இல்லையென்றால் காற்று அந்த வழியே போய்விடும். இருபது தடவை அழுத்தி இழுத்தும் தண்ணீர் அப்படியே நின்றால், சிங்குக்கு அடியில் வாளி வைத்து, வளைவுக் குழாயைக் கையால் திருகிக் கழற்றிவிடுங்கள். எங்கள் வீட்டில் மூன்று முறை வினிகர் ஊற்றியும் போகாத அடைப்பு, கழற்றியபோது சோற்றுப்பருக்கையும் தேங்காய்த் துருவலும் எண்ணெயில் இறுகிய ஒரு கட்டியாகக் கையில் வந்தது.

ஏற்கெனவே ப்ளீச்சிங் பவுடரோ ப்ளீச் கலந்த திரவமோ ஊற்றியிருந்தால் அதன்மேல் வினிகரோ எலுமிச்சை உப்போ ஊற்றவே கூடாது. குளோரின் வாயு கிளம்பி மூச்சு முட்டும். அப்படி ஊற்றிவிட்டால் உடனே ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.