க்ரீமா, யோனி மாத்திரையா? வறட்சி எங்கே என்பதைப் பொறுத்தது

மாதவிடாய் நின்று ஆறு வருடமாகி, யோனி வறட்சியால் அவதிப்பட்ட 57 வயது அம்மா ஒருவர், செவிலியரான என்னிடம் கேட்டது இது: "டாக்டர் க்ரீமும் சொன்னார், உள்ளே வைக்கிற சின்ன மாத்திரையும் சொன்னார். எது நல்லது சிஸ்டர்?" பதிலுக்கு நான் அவரிடம் ஒரு கேள்வி கேட்டேன். எரிச்சல் உள்ளேயா, வாசலிலா? கொஞ்சம் யோசித்து, "வாசல்லதான் அதிகம். சிறுநீர் பட்டாலே காந்துது. உடலுறவு தொடங்கும்போதே வலி" என்றார். எதை எடுப்பது என்பது பாதி அதிலேயே முடிவாகிவிட்டது.

அவர் அதுவரை ஹார்மோன் இல்லாத மாய்ஸ்சரைசரை வாரத்துக்கு மூன்று முறை போட்டுவந்தார். அது ஈரத்தைப் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். ஈஸ்ட்ரோஜன் குறைந்ததால் மெலிந்துபோன தோலை அது தடிப்பாக்காது. லேசான வறட்சிக்கு அதுவே போதும் என்பவர்கள் உண்டு. ஆனால் காந்தலும் வலியும் மாதக்கணக்கில் நீடித்தால், மெலிந்த தோலுக்கே ஈஸ்ட்ரோஜன் போய்ச் சேர வேண்டும். க்ரீம், மாத்திரை இரண்டும் அதைச் செய்கின்றன.

மாத்திரையின் பலம் அளவு தவறாதது. ஒவ்வொன்றிலும் எஸ்ட்ராடயோல் என்ற ஈஸ்ட்ரோஜன் 10 மைக்ரோகிராம் இருக்கும். இரண்டு வாரம் தினம் ஒன்று, அப்புறம் வாரம் இரண்டு. காலையில் க்ரீம் வழிகிற தொல்லை இல்லை. ஆனால் அது உள்ளேதான் கரையும். வாசலில் காந்தல் இருப்பவருக்கு அங்கே நேராகப் போய்ச் சேராது. மிகவும் வறண்டிருந்தால் முழுதாகக் கரையாமல் வெளியே வந்துவிடுவதும் உண்டு. க்ரீமில் அளவை நாமே எடுக்க வேண்டும், பிசுபிசுப்பும் இருக்கும். ஆனால் உள்ளேயும் போடலாம், மருத்துவர் சொன்னால் வாசலிலும் தடவலாம், பூசிய இடத்துக்குக் கொஞ்சம் வழவழப்பும் கிடைக்கும். இந்த அம்மாவுக்கு க்ரீம்தான் சரி என்று நானும் நினைத்தேன், மருத்துவரும் அதையே எழுதினார்: எஸ்ட்ரியால் என்ற இன்னொரு வகை ஈஸ்ட்ரோஜன் 0.1 சதவீதம், 15 கிராம் டியூப்.

இதில் ஒரு எச்சரிக்கை. எஸ்ட்ரியால் க்ரீமும் எஸ்ட்ராடயோல் க்ரீமும் ஒன்றல்ல. வீரியமும் வேறு, க்ரீமை உள்ளே செலுத்தும் குழாயான அப்ளிகேட்டரில் இருக்கும் கோடுகளும் வேறு. ஒரு டியூபுக்கான குழாயை இன்னொன்றுக்குப் பயன்படுத்தக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு கிராம் போடுகிறார் என்று இவரும் போடக் கூடாது.

இந்த எஸ்ட்ரியால் க்ரீமில் ஒரு தடவைக்கு அரை கிராம். மூடியைக் கழற்றி, அப்ளிகேட்டரை டியூப் வாயில் திருகி, டியூபை மெல்ல அழுத்தினால் உள்தண்டு பின்னால் நகரும். அது கோட்டில் வந்து நின்றால் அரை கிராம் ஏறிவிட்டது. பிறகு குழாயைக் கழற்றி, படுத்து முழங்காலை மடக்கி, முதுகின் அடிப்பகுதியை நோக்கிய சாய்வில் மெதுவாக உள்ளே விட்டு, தண்டைக் கடைசிவரை தள்ள வேண்டும். நேராக மேல்நோக்கிக் குத்தினால்தான் பலருக்கும் வலிக்கிறது. நுனியில் துளி க்ரீமைத் தடவிக்கொண்டால் சுலபமாக நுழையும். அப்படியும் வலித்தால் முட்டித் தள்ளாமல் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். படுக்கப்போகும் நேரம்தான் இதற்கு ஏற்றது, நின்று நடந்தால் க்ரீம் வழியும். பிறகு தண்டை உருவியெடுத்து, வெதுவெதுப்பான நீரிலும் சோப்பிலும் கழுவுங்கள். கொதிநீர் வேண்டாம், பிளாஸ்டிக் வளைந்துவிடும்.

வாசலில் தடவ வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தால், அதை அரை கிராமுக்கு மேல் கூடுதலாக எடுக்கக் கூடாது. அதே அளவிலிருந்து கொஞ்சம் விரலில் எடுத்துப் பூசிவிட்டு, மீதியை உள்ளே விடலாம்.

தொடக்கத்தில் இரண்டு மூன்று வாரம் தினமும், அதற்குப் பிறகு வாரம் இரண்டு இரவு. ஏன் முதலில் இத்தனை நெருக்கமாக? மெலிந்த தோல் புதிதாக அடுக்கடுக்காக வளர வேண்டும், அதற்குத் தொடர்ந்து தூண்டல் தேவை. வளர்ந்த பிறகு அதைக் காப்பாற்றக் கொஞ்சமே போதும். இன்னொன்றும் உண்டு. தோல் மெலிந்திருக்கும் முதல் நாட்களில்தான் ஹார்மோன் ரத்தத்தில் கொஞ்சம் அதிகமாகக் கலக்கும். தடிக்கத் தடிக்க அது குறைந்துவிடும்.

இரண்டாம் இரவே அவர் போன் செய்தார், எரிகிறது என்று. மெலிந்த தோலில் முதலில் கொஞ்சம் காந்துவது சகஜம், பெரும்பாலும் தோல் தேறும்போது தணியும். அரிப்போடு வீக்கமோ தடிப்போ இருந்தால் அது வேறு கதை, நிறுத்திவிட்டுக் கேட்க வேண்டும். இவருக்கு அப்படி எதுவும் இல்லை. மூன்றாம் வாரம் நடக்கையில் எரிச்சலே இல்லை என்றார்.

பிழை அங்கேதான் நடந்தது. நன்றாக இருக்கிறதே என்று தினமும் தொடர்ந்துவிட்டார். ஒரு மாதத்தில் டியூப் காலி, கூடவே மார்பகத்தில் லேசான வலி. டியூப் காலியான நாளே விஷயத்தைச் சொல்லிவிட்டது. தினமும் போடுவது இரண்டு வாரம் என்றால் 14 இரவு, அதாவது 7 கிராம். மீதி 8 கிராம், வாரம் ஒரு கிராம் வீதம் எட்டு வாரம். ஆக ஒரு டியூப் பத்து வாரம் வர வேண்டும், முப்பது நாளில் தீர்ந்தால் குறைக்கவே இல்லை என்று அர்த்தம். மருத்துவரிடம் சொல்லி, திங்கள், வியாழன் என்று வாரம் இரண்டுக்கு வந்தார். மார்பக வலியும் போய்விட்டது.

குறைப்பதிலும் இரண்டு வழி உண்டு. தினத்திலிருந்து நேராக வாரம் இரண்டுக்கு வருவது ஒன்று. நடுவில் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுவிட்டு இறங்குவது இன்னொன்று. எஸ்ட்ரியாலுக்கு முதல் வழி போதும். திடீரென்று குறைத்தால் எரிச்சல் திரும்புமோ என்று பயப்படுகிறவர்கள் மருத்துவரைக் கேட்டு இரண்டாம் வழியில் போகலாம். ஆனால் முழுதாக நிறுத்துவது வேறு. ஈஸ்ட்ரோஜன் குறைவு நிரந்தரம் என்பதால், நிறுத்தினால் சில வாரங்களில் வறட்சி பெரும்பாலும் திரும்பிவிடும். தேவைப்படும்வரை வாரம் இரண்டில் தொடரலாம், அவ்வப்போது மருத்துவரோடு பேசி இன்னும் குறைக்க முடியுமா என்று பார்க்கலாம். ஒரு நாள் மறந்துபோனால் அடுத்த நாள் இரட்டிப்பாகப் போட வேண்டாம்.

மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், குறிப்பாக ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள், புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் இதில் எதையும் தொடங்கக் கூடாது. மாதவிடாய் நின்றவருக்கு ரத்தக் கசிவு வந்தால், ஒரு துளியானாலும், க்ரீமின் வேலைதான் என்று நாமே முடிவு செய்யாமல் உடனே காட்ட வேண்டும். உடலுறவுக்குச் சற்று முன்னும் போடாதீர்கள், துணைவருக்கும் ஹார்மோன் ஒட்டும். சில க்ரீமில் உள்ள எண்ணெய் ஆணுறையின் ரப்பரைப் பலவீனமாக்கும்.

அந்த அம்மாவுக்கு மூன்று மாதத்துக்குப் பிறகு காந்தல் போய்விட்டது, உடலுறவிலும் வலி குறைந்தது. பயணம் போகும்போது மட்டும் மாத்திரைக்கு மாறலாமா என்று கேட்டார். மாறலாம், மருத்துவர் எழுதித் தந்தால். ஆனால் ஒரே இரவில் இரண்டையும் சேர்த்துப் போட வேண்டாம் என்றேன்.