படத்தில் இருக்கும் நீச்சல் குளத்தில் எத்தனை லிட்டர்?

காரைக்குடிப் பக்கம் ஒரு பள்ளியின் நீச்சல் குளத்தைப் பார்த்துக்கொள்ளும் என் சித்தப்பா மகன் ஒரு புகைப்படம் அனுப்பி, “அண்ணே, எத்தனை லிட்டர் இருக்கும்? குளோரின் போட வேண்டும்” என்று கேட்டான். நீளம் 25 மீட்டர், ஆறு தடங்கள். மற்றதைப் படத்திலிருந்துதான் எடுக்க வேண்டும்.

முதல் வழி, நீளத்தை அளவுகோலாக வைப்பது. கணினியில் குளம் நீளவாக்கில் 500 புள்ளி. ஆக ஒரு புள்ளிக்கு 5 சென்டிமீட்டர். அதே கணக்கில், 1,500 புள்ளி வந்த அருகுச் சுவர் 75 மீட்டர் அகலமாகிவிடுகிறது! குளத்தின் குறுகிய பக்கத்தில் நின்று எடுத்த படத்தில் நீளம் சுருங்கி விழும். அந்த அளவுகோல் அகலத்துக்கு உதவாது. நேர் மேலிருந்து எடுத்த படம் என்றால் மட்டும் இந்த வழியை நம்பலாம்.

இரண்டாவது, தடங்களை எண்ணுவது. தொலைவு படத்தைச் சுருக்கினாலும் தடங்களின் எண்ணிக்கை மாறாது என்பதால் எனக்கு இதுவே பிடிக்கும். போட்டிக் குளங்களில் ஒரு தடம் 2.5 மீட்டர். ஆறு தடத்துக்கு 15 மீட்டர் அகலம். சராசரி ஆழம் 1.5 மீட்டர் என்றால் 5,62,500 லிட்டர். ஆனால் எல்லாக் குளமும் போட்டி அளவில் கட்டப்படுவதில்லை. படத்தைப் பெரிதாக்கி, அருகுக் கரையில் பதித்த ஓடுகளை எண்ணினேன். இரண்டு கயிறுகளுக்கு நடுவே ஏறத்தாழ ஆறரை ஓடு. ஓடு 30 சென்டிமீட்டர் என்று தம்பி நாடா வைத்துச் சொன்னான். தடம் 2 மீட்டர்தான்! சுவரிலிருந்து சுவர்வரை 41 ஓடு, அதாவது 12.3 மீட்டர். கொள்ளளவு சுமார் 4,61,000 லிட்டருக்கு இறங்கியது. 65 சதவீதக் குளோரின் தூளில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஏற்ற 710 கிராம் போதும். 15 மீட்டர் அகலக் கணக்கை நம்பியிருந்தால் 865 கிராம் கொட்டியிருப்பான்.

ஆழத்தைப் படத்தில் அளக்கவே கூடாது. ஒளிவிலகலால், நேர் மேலிருந்து பார்த்தாலே 1.8 மீட்டர் 1.35 ஆகத் தெரியும். சாய்வாகப் பார்த்தால் இன்னும் மேலே வந்துவிடும். கரையில் எழுதிய எண்களைத்தான் படிக்க வேண்டும். இந்தக் குளத்தில் ஒரு முனையில் 1.2, மறுமுனையில் 1.8. தரை ஒரே சரிவாக இறங்கினால்தான் சராசரி 1.5. பாதிவரை 1.2 ஆகவே இருந்து பிறகு சரிந்தால் 1.35 ஆகும், தண்ணீர் 4,15,000 லிட்டர்தான். நடு எது என்று அறிய, நீர்மட்டத்தின் நான்கு மூலைகளையும் குறுக்காக இணைத்துக் கோடு போடுங்கள். அவை வெட்டும் இடமே உண்மையான 12.5 மீட்டர். கண்ணுக்கு நடுவாகத் தெரியும் இடம் அதைவிட நம் பக்கம் தள்ளி இருக்கும்.

செங்குத்துச் சுவர் உள்ள குளத்துக்குத்தான் இவையெல்லாம். கரை சரிந்து இறங்கும் நம் ஊருணிகளுக்குப் பொருந்தாது.

தம்பியின் படத்தில் அந்த நடுக்கோட்டருகே கரையில் இருக்கும் எண் மங்கலாக இருக்கிறது. அதை மட்டும் கிட்டத்தில் நின்று இன்னொரு படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.