அணிக்கோவையா, அணித்தரமா? தீர்வில்லாத தொகுப்பை எது சரியாகக் காட்டும்?

மூன்று மாறிகளில் மூன்று சமன்பாடுகள். கிராமர் விதிப்படி கெழுக்களின் அணிக்கோவை Δ-வைக் கணக்கிட்டால் பூஜ்ஜியம் வருகிறது. அப்படியானால் தீர்வே இல்லையா, எண்ணற்ற தீர்வுகளா? Δx, Δy, Δz ஆகியவற்றில் ஒன்றாவது பூஜ்ஜியம் இல்லையென்றால் தீர்வு கிடையாது. இதுவரை அணிக்கோவை முறையில் குறையே இல்லை. நான்குமே பூஜ்ஜியம் என்றால் எண்ணற்ற தீர்வுகள் என்று பலர் எழுதிவிடுகிறார்கள். சிக்கல் அங்கேதான்.

```
 x + 2y + 3z = 1
2x + 4y + 6z = 3
3x + 6y + 9z = 4
```

இங்கே நான்கு அணிக்கோவைகளும் பூஜ்ஜியம். ஆனால் முதல் சமன்பாட்டை இரண்டால் பெருக்கினால் வலப்பக்கம் 2 வர வேண்டும். இரண்டாவது சமன்பாடோ 3 என்கிறது. தீர்வே இல்லை.

இதையே நிரை நீக்கலில் பார்ப்போம். கெழுக்களின் அணி A-யோடு வலப்பக்க எண்கள் b-யையும் சேர்த்து [A|b] என எழுதி, இரண்டாம் நிரையிலிருந்து முதல் நிரையின் 2 மடங்கையும், மூன்றாம் நிரையிலிருந்து 3 மடங்கையும் கழிக்க வேண்டும்:

```
1 2 3 | 1
0 0 0 | 1
0 0 0 | 1
```

இரண்டாம் நிரை 0 = 1 என்கிறது. மூன்றாவது அதன் நகல்தான், அதையும் கழித்துவிடலாம். நீக்கலுக்குப் பின் எஞ்சும் பூஜ்ஜியமல்லாத நிரைகளின் எண்ணிக்கைதான் அணித்தரம். A-யின் அணித்தரம் 1, [A|b]-யின் அணித்தரம் 2. இரண்டும் வேறுபட்டால் தீர்வு இல்லை.

சரி, வலப்பக்கத்தை 1, 2, 3 என்று மாற்றினால்? இப்போதும் நான்கு அணிக்கோவைகளும் பூஜ்ஜியமே, அவற்றுக்கு வித்தியாசம் தெரியாது. நீக்கலில் இரு அணித்தரங்களும் 1 என வரும், தீர்வுகள் எண்ணற்றவை. மாறிகள் 3, அணித்தரம் 1, ஆக 3 − 1 = 2 மாறிகளை நம் விருப்பப்படி வைக்கலாம். y = s, z = t என்றால்:

(x, y, z) = (1, 0, 0) + s(−2, 1, 0) + t(−3, 0, 1)

கடைசி இரண்டு வெக்டர்களும் Ax = 0 என்பதன் தீர்வுவெளிக்கு ஓர் அடிக்கணம். அந்த வெளியின் பரிமாணம் 2. வடிவியல்படி நம் தீர்வுகள் ஒரு தளம். 'எண்ணற்ற' என்ற சொல்லோடு நிறுத்தினால், அது கோடா தளமா என்பதே தெரியாமல் போகும். நிரை நீக்கலை நான் விரும்ப இதுதான் முதல் காரணம்.

அணிக்கோவையை ஒரேயடியாக ஒதுக்கவும் முடியாது. 3×3 தொகுப்பில் நான்கும் பூஜ்ஜியமாகி, A-க்குள் ஏதாவது ஒரு 2×2 சிற்றணிக்கோவை பூஜ்ஜியமல்லாமல் இருந்தால் எண்ணற்ற தீர்வுகள் என்பது உறுதி. A-யின் அணித்தரம் 1-க்கு இறங்கும்போதுதான் அது ஏமாற்றும். கெழுக்களில் k போன்ற தெரியாத எண் இருந்தால், நான் முதலில் Δ = 0 என்று வைத்துச் சிக்கலான k மதிப்புகளைக் கண்டுபிடிப்பேன். அப்புறம் அந்த மதிப்புகளுக்கு மட்டும் நிரை நீக்கல் செய்தால் போதும். சமன்பாடுகளின் எண்ணிக்கையும் மாறிகளின் எண்ணிக்கையும் வேறாக இருந்தால் Δ என்பதே கிடையாது. அங்கே நேராக அணித்தரத்துக்குப் போக வேண்டியதுதான்.