அலோபுரினாலா, ராஸ்பியூரிகேஸா: வெள்ளை அணு ஒரு லட்சத்தைத் தாண்டிய இரவில்

ரத்தப் புற்றுநோய் வார்டில் இரவுப் பணி பார்ப்பவர்களுக்குப் பழகிய குழப்பம் இது. புதிதாக வந்தவருக்கு யூரிக் ஆசிட் ஏறியிருக்கிறது, கீமோவைத் தள்ளிப்போட முடியாது. அலோபுரினால் மாத்திரை போதுமா, ராஸ்பியூரிகேஸ் ஊசி போட வேண்டுமா? நான் சில வருடம் மாத்திரைக் கட்சியில் இருந்தவன். வெள்ளை அணு ஒரு லட்சத்துக்கு மேல் இருப்பவர்களைப் பொறுத்தவரை இப்போது ஊசிக் கட்சி.

விலையைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. மாத்திரை அட்டை சில பத்து ரூபாய், ஊசிக் குப்பி ஒன்று பல ஆயிரம். மாத்திரை எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும், ஊசியைத் தேடித்தான் வாங்க வேண்டும். இரண்டில் எதைக் கொடுத்தாலும் நிறைய சலைன் ஏற்றுவதும், அதில் பொட்டாசியம் சேர்க்காமல் இருப்பதும், சிறுநீரை மணிக்கு மணி அளப்பதும் மாறாது.

வித்தியாசம் வேலை செய்யும் இடத்தில் இருக்கிறது. புற்றணு உடையும்போது அதன் மரபுப்பொருள் சிதைந்து சாந்தீன் ஆகி, கடைசியில் யூரிக் ஆசிட் ஆகிறது. அலோபுரினால் அந்தக் கடைசிப் படியைத் தடுக்கும். புதிதாக உருவாவது குறையும். ஏற்கெனவே ரத்தத்தில் இருப்பதை அது தொடாது. மழை நின்றதும் தெருவில் நிற்கும் தண்ணீர் வடிந்துவிடுமா என்ன? அதைச் சிறுநீரகம்தான் வெளியேற்ற வேண்டும், அந்தச் சிறுநீரகமோ ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கிறது. ராஸ்பியூரிகேஸ் தேங்கியதையே உடைத்து அலன்டோயின் ஆக்கிவிடும். அது தண்ணீரில் பல மடங்கு எளிதாகக் கரைந்து சிறுநீரில் போய்விடும். பல பாலூட்டிகளுக்கு இந்த நொதி பிறவியிலேயே உண்டு, மனிதருக்கு இல்லை.

நான் கட்சி மாறியதற்குக் காரணம் நேரம்தான். 2001-ல் வெளியான, 52 குழந்தைகளை வைத்துச் செய்த ஒப்பீட்டில், முதல் டோஸ் கொடுத்து நான்கு மணி நேரத்தில் ஊசி போட்டவர்களுக்கு யூரிக் ஆசிட் 86 சதவீதம் குறைந்தது. மாத்திரை எடுத்தவர்களுக்கு 12 சதவீதம். மாத்திரை முழுப் பலன் தர இரண்டு மூன்று நாள் ஆகும். யூரிக் ஆசிட் மட்டும்தான் பிரச்சினை என்றால் காத்திருக்கலாம். ஆனால் லூகோஸ்டாசிஸ் காத்திருக்காது. பிளாஸ்ட் எனும் முதிராத புற்றணுக்கள், அதிலும் ஏஎம்எல் எனும் தீவிர ரத்தப் புற்றுநோய் வகையின் பெரிய, ஒட்டும் தன்மையுள்ள செல்கள், நுரையீரல், மூளையின் நுண்குழாய்களில் அடைத்துக்கொள்ளும். அதற்கு மருந்து எண்ணிக்கையைக் குறைப்பது. எண்ணிக்கையைக் குறைத்தால் செல் உடையும், உடைந்தால் உள்ளிருப்பவை ரத்தத்தில் கொட்டும் டியூமர் லைசிஸ். ஒன்றுக்கு அவசரம் வேண்டும், மற்றதற்கு நிதானம் வேண்டும். அந்த இழுபறியில் இரண்டு நாளை மிச்சம் பிடித்துக் கொடுப்பது ஊசி.

முதலில் நான் மாத்திரையோடு நின்ற ஒரு நோயாளிக்கு யூரிக் ஆசிட் இறங்கட்டும் என்று கீமோவைத் தள்ளிவைத்தோம். இரண்டாம் நாள் இரவு யூரிக் ஆசிட் 9-ல் இருந்தது, மூச்சுத்திணறல் கூடி ஐசியூவுக்குப் போனார். பிழைத்துவிட்டார், ஆனால் அந்த இரண்டு நாள் எனக்கு மறக்கவில்லை.

அடுத்து வந்தவருக்கு வயது 38, ஏஎம்எல். வெள்ளை அணு 1,80,000, ஆக்ஸிஜன் 91 சதவீதம், லேசான குழப்பம். யூரிக் ஆசிட் 10.4, கிரியேட்டினின் 1.6, பொட்டாசியம் 4.8. ஹீமோகுளோபின் 7.8 என்பதால் ரத்தம் ஏற்றலாமா என்று டியூட்டி டாக்டர் கேட்டார். ஏற்கெனவே பிசுபிசுத்த ரத்தத்தை அது இன்னும் கெட்டியாக்கும் என்பதால் தட்டணுக்களை மட்டும் ஏற்றச் சொன்னேன். எண்ணிக்கையைக் குறைக்கும் ஹைட்ராக்ஸியூரியா தொடங்கி, ராஸ்பியூரிகேஸ் 3 மி.கி., அதாவது இரண்டு குப்பி, ஒரே டோஸாக அரை மணி நேரத்தில் ஏற்றினோம். லேபிளில் உள்ள அளவு கிலோவுக்கு 0.2 மி.கி., ஐந்து நாள் வரை. பெரியவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு டோஸே போதும், தேவைப்பட்டால் இரண்டாவது. பட்ஜெட்டுக்கும் இதுதான் ஒத்துவரும்.

ஆறு மணி நேரம் கழித்து ரிப்போர்ட் வந்தது: யூரிக் ஆசிட் 0.5. எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் உறுத்தியது. அட்டென்டரிடம் கேட்டேன், ரத்தக் குழாய் ட்ரேயில் கிடந்து, இரண்டு மணி நேரம் கழித்துத்தான் லேபுக்குப் போயிருக்கிறது. குழாய்க்குள் இருக்கும் ராஸ்பியூரிகேஸ் அறை வெப்பத்தில் தன் வேலையை நிறுத்தாது. உடம்பில் இருக்கும் அளவு ஒன்று, குழாயில் காணும் அளவு வேறு. முன்கூட்டியே குளிரவைத்த ஹெபாரின் குழாயில் எடுத்து, ஐஸ் தண்ணீரில் நிறுத்தி மறுபடி அனுப்பினோம். 3.8. நல்ல எண்தான், ஆனால் 0.5 இல்லை. அதை நம்பி அடுத்த டோஸ் வேண்டுமா என்று முடிவெடுத்திருந்தால் தப்பாகப் போயிருக்கும். நான்கு மணி நேரத்துக்குள் அளந்துவிட வேண்டும் என்பதும் விதி.

ஊசியின் உண்மையான ஆபத்து, சிவப்பணுவைக் காக்கும் ஜி6பிடி நொதியின் குறைபாடு. யூரிக் ஆசிட் உடையும்போது ஹைட்ரஜன் பெராக்சைடு வெளிவரும். அந்த நொதி குறைவாக உள்ளவர்களின் சிவப்பணுவால் அதைத் தாங்க முடியாது. உடையும், ஆக்ஸிஜனைச் சுமக்காத மெத்தீமோகுளோபினும் சேரும். அவர்களுக்கு ஊசி கூடவே கூடாது. இது பெரும்பாலும் ஆண்களுக்கு வரும் பிரச்சினை, அதனால் என் நோயாளிக்கு முதலில் ஒளிர்வுப் புள்ளிச் சோதனை செய்தோம், ரிசல்ட் அன்றே வந்தது. வெளியில் ரத்தம் ஏற்றிவிட்டு வந்தவரென்றால் அந்தச் சோதனையை நம்பாதீர்கள், அதில் கொடையாளியின் அணுக்களும் கலந்திருக்கும். ஊசிக்குப் பிறகு ஆக்ஸிமீட்டர் 85 பக்கம் இறங்கி, ஆக்ஸிஜன் கூட்டியும் அசையாமல் நின்றால் லூகோஸ்டாசிஸ் என்று ஒதுக்கிவிடாமல், சிரிஞ்சில் வரும் ரத்தத்தின் நிறத்தைப் பாருங்கள். சாக்லேட் பழுப்பாக இருக்கும். அப்போது வழக்கமான மருந்தான மெத்திலீன் புளூவும் ஜி6பிடி குறைபாட்டில் கெடுதல்தான் செய்யும்.

ஊசி எதைச் செய்யாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாஸ்பேட், பொட்டாசியம் இரண்டையும் அது தொடாது. இந்த நோயாளிக்கே இரண்டாம் நாள் பாஸ்பேட் 7.2 ஆனது, கால்சியம் 7.1-க்கு இறங்கியது. தசை இழுப்போ வலிப்போ இல்லாததால் கால்சியம் கொடுக்கவில்லை. கொடுத்தால் பாஸ்பேட்டோடு சேர்ந்து சிறுநீரகத்திலேயே படியும். பழைய பழக்கத்தில் சோடா பைகார்பனேட் போட்டுச் சிறுநீரைக் காரமாக்குவதும் இதே காரணத்தால்தான் கைவிடப்பட்டது. ஊசி போட்டவர்களில் இறப்போ டயாலிசிஸோ குறைகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் இன்னும் மெலிதுதான். நான் சாய்வது நேரத்தையும் என் சில நோயாளிகளையும் வைத்து.

ஆகவே எண்ணிக்கை குறைவாக, யூரிக் ஆசிட்டும் கிரியேட்டினினும் நார்மலாக உள்ளவருக்கு இன்றும் நான் அலோபுரினால்தான் எழுதுகிறேன். எழுதும்போது மெர்காப்டோபியூரின் என்ற கீமோ மாத்திரை எடுக்கிறாரா என்று கேட்டுக்கொள்வேன். எடுத்தால் அதன் அளவை மூன்றில் ஒரு பங்காகவோ அதற்கும் கீழோ குறைக்க வேண்டும். ஊசி போட்டவருக்கும் அலோபுரினால் உண்டு, ஆனால் ஊசிக்குப் பிறகு. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் ஊசிக்கு உடைக்கப் புதிதாக வருவது குறைந்துவிடும், காசுதான் வீண்.

அந்த 38 வயதுக்காரரின் கிரியேட்டினின் ஐந்தாம் நாள் 1.1. கீமோ முதல் நாளே தொடங்கியிருந்தது. இப்போதெல்லாம் ஊசி எழுதும்போதே, ‘யூரிக் ஆசிட் சாம்பிள் ஐஸில் மட்டும்’ என்று கேஸ் ஷீட்டில் சிவப்பு மையில் எழுதிவிடுகிறேன். அட்டென்டர் தெர்மாகோல் டப்பாவைத் தானே எடுத்து வருகிறார்.