அரங்கேற்ற ரெக்கார்டிங்கை மிக்ஸிங் குடுக்கப் போறீங்களா, இதைப் படிச்சிட்டு குடுங்க

மச்சினி பொண்ணோட அரங்கேற்றம், பாட்டு நட்டுவாங்கம் மிருதங்கம் வயலின் எல்லாமே லைவ். மிக்ஸர்ல இருந்து நேரா ரெக்கார்டர்ல எடுத்தது, வீடியோ தனி ஆளு. மிக்ஸிங்க்கு ஒரு ஸ்டூடியோல குடுத்தோம், பேர் போடல, ஆனா அங்க நடந்ததை சொல்லியே ஆகணும்.

முதல் மிக்ஸ் வந்ததும் பாடின அக்காவுக்கு அனுப்பினோம். ரெண்டு நிமிஷம் கேட்டுட்டு போன் பண்ணாங்க, "தம்பி, நான் அஞ்சு கட்டை, இது நாலுக்கும் நாலரைக்கும் நடுவுல எங்கயோ நிக்குது, என் குரலே ஆம்பள குரல் மாதிரி இருக்கு"ன்னாங்க. ஸ்டூடியோல கேட்டா "அன்னிக்கு சுருதிப்பெட்டியை அப்படி வெச்சிருப்பாங்க சார்"னு சொல்றான். சுருதிப்பெட்டி தப்புன்னா சுருதி மட்டும்தானே மாறணும், காலப்பிரமாணமும் சேர்ந்து ஏன் தொங்குது? வீடியோ சரியா ஒரு மணி நேரம், இவன் குடுத்த ஆடியோ 65 நிமிஷம் 18 செகண்ட். அதுக்கும் பதில் வெச்சிருந்தான், "கேமரா லேக்"காம்.

விஷயம் இதுதான். ரெக்கார்டர்ல எடுத்தது 48000 ஹெர்ட்ஸ், அதாவது ஒரு செகண்டுக்கு 48000 சாம்பிள், வீடியோ வேலைக்கு அதான் வழக்கம். இவனோட ப்ராஜெக்ட் 44100, சிடி கணக்கு. ஃபைலை உள்ள இழுக்கும்போது கன்வெர்ட் பண்ணாம அப்படியே போட்டுட்டான், அதனால ஒரு செகண்டுல ஓடவேண்டிய 48000 சாம்பிளும் ஓடி முடிக்க 1.088 செகண்ட் ஆகுது. ஒரு மணி நேரம் 65:18 ஆகும், சுருதி கிட்டத்தட்ட ஒன்றரை ஸ்வரஸ்தானம் இறங்கும். நீளமும் சுருதியும் இப்படி சேர்ந்தே மாறியிருந்தா வேற எதையும் தேடவேண்டாம். தலைகீழா நடந்தா, அதாவது 44100ல எடுத்ததை 48000 ப்ராஜெக்ட்ல போட்டா, பாட்டு ஓட்டமா ஓடும், குரல் கீச்சுன்னு ஆகும்.

இதை சரி பண்ண கன்வெர்ட் ஆப்ஷனோட திரும்ப இம்போர்ட் பண்ணினாலே போதும். இவன் என்ன பண்ணான் தெரியுமா, "பிட்ச் கரெக்‌ஷன், சிங்க் வொர்க்"னு தனியா காசு வாங்கிட்டு சுருதியை ஒன்றரை ஏத்தி, நீளத்தை 92 சதவீதமா தனியா சுருக்கிட்டான். சரியான கணக்கு 91.875. அந்த சின்ன வித்தியாசத்துலயே கடைசில அஞ்சு செகண்ட் மிச்சம், அதை மறைக்க உருப்படிக்கு நடுவுல அங்கங்க வெட்டியிருக்கான், ஒரு இடத்துல ஆலாபனையோட வாலே காணோம். அதைவிட கொடுமை சலங்கை சத்தம், சல் சல்னு தெறிக்க வேண்டியது தண்ணிக்குள்ள கேக்குற மாதிரி வழவழன்னு ஆயிடுச்சு, மிருதங்கத்துல சாப்பு எல்லாம் ரெட்டையா விழுது. இப்படி பிட்ச்சையும் டைமையும் தனித்தனியா இழுத்ததை திரும்ப எடுக்கவே முடியாது.

நல்லவேளை முதல் மிக்ஸ் வேவ் ஃபைலை அழிக்காம வெச்சிருந்தோம். சவுண்ட் வேலை தெரிஞ்ச பையன் ஒருத்தன் கம்ப்யூட்டர்ல ffmpegனு ஒரு இலவச கருவியை வெச்சு, முதல்ல ரெக்கார்டர் ஃபைலையும் ஸ்டூடியோக்காரன் மிக்ஸையும் இப்படி பாத்தான்:

```
ffprobe -hide_banner mix1.wav
```

ரெக்கார்டர் ஃபைல்ல 48000 Hz, மிக்ஸ்ல 44100 Hz. 44100ன்னு இருந்தாலே தப்புன்னு இல்ல, ஒழுங்கா கன்வெர்ட் பண்ணியிருந்தா நம்பர் மாறும், நீளம் மாறாது, அதனால நம்பரை மட்டும் பாத்து சண்டைக்கு போகாதீங்க. அப்புறம் ஒரே வரி:

```
ffmpeg -i mix1.wav -af asetrate=48000 -c:a pcm_s24le mix_ok.wav
```

இது சாம்பிளைத் தொடாது, எந்த வேகத்துல ஓடணும்ங்கிறதை மட்டும் மாத்தி எழுதும். ஓட்டிப் பாத்தா சரியா ஒரு மணி நேரம், அஞ்சு கட்டை, சலங்கை சலங்கையாவே கேக்குது. ஆடாசிட்டி சாஃப்ட்வேர்ல பண்றவங்க டிராக் மெனுல இருக்குற Rate-ஐ மாத்தணும், மேல Tracks மெனுல இருக்குற Resample இல்ல, அது தப்பான வேகத்தை அப்படியே வெச்சுக்கிட்டு கன்வெர்ட் பண்ணும்.

இவ்வளவுக்கு அப்புறமும் தில்லானா கிட்ட வரும்போது கால் தட்டுறதுக்கும் சத்தத்துக்கும் நாலு ஃப்ரேம் வித்தியாசம் இருந்துச்சு. அது வேற கேஸ், கேமராவும் ரெக்கார்டரும் தனித்தனி கடிகாரத்துல ஓடுது, ரெண்டும் 48000னு சொன்னாலும் மணிக்கணக்குல ஓடும்போது கொஞ்சம் விலகும். காதுல சுருதி வித்தியாசம் தெரியவே தெரியாது. ஒவ்வொரு உருப்படிக்கும் நடுவுல கைதட்டல் இருக்குற இடத்துல வெட்டி லேசா நகத்தினா முடிஞ்சது, எதையும் இழுக்க வேண்டியதில்ல.

"சிங்க் வொர்க்" காசை இன்னும் திருப்பித் தரல, போன் எடுக்கிறதும் இல்ல. நீங்க குடுக்கும்போது ரெக்கார்டர் ஒரிஜினலை முதல்ல காப்பி எடுத்து வெச்சுக்கோங்க, மிக்ஸ் வந்ததும் நீளத்தை வீடியோவோட ஒப்பிட்டுப் பாத்துட்டு, பாடினவங்களுக்கும் போட்டுக் காட்டிட்டு அப்புறமா பாக்கிப் பணத்தைக் குடுங்க.