படகுப் பட்டறையில் உற்பத்திக் கணக்கு: பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

மண்டபம் பக்கம் ஃபைபர் வள்ளம் கட்டும் ஒரு பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். முன்பெல்லாம் இங்கே வருடக் கடைசியில் வியாபாரக் கணக்கும் இலாப நட்டக் கணக்கும் மட்டும்தான் இருந்தன. வாங்கியது, விற்றது, கூலி, வாடகை எல்லாம் அவற்றுக்குள்ளேயே கிடக்கும். மொத்த இலாபம் தெரியும், ஆனால் ஒரு வள்ளம் நமக்கு என்ன விலைக்கு அடங்குகிறது என்பது தெரியாது. தனி ஆள் நடத்தும் தொழிலுக்கு உற்பத்திக் கணக்கு போட்டே ஆக வேண்டும் என்று சட்டம் எதுவும் கேட்பதில்லை. இருந்தும் பல வருடங்களாக அதைப் போட்டு வருகிறோம். அதில் எனக்குத் திருப்தி தந்தது எது, எங்கே உஷாராக இருக்க வேண்டும் என்பதைச் சொல்கிறேன்.

கணக்கின் அமைப்பு எளிது. முதலில் செலவான மூலப்பொருள். தொடக்க இருப்போடு வருடத்தில் வாங்கியதையும், சரக்கைப் பட்டறைக்குக் கொண்டுவந்த உள்தூக்குக் கூலியையும் கூட்டி, இறுதி இருப்பைக் கழித்தால் அது வந்துவிடும். எங்களுக்கு மூலப்பொருள் என்றால் ரெசின், ஜெல்கோட், ஃபைபர் மேட், நெய்த ரோவிங், பிளைவுட். அதோடு நேரடிக் கூலி, அதாவது அச்சில் மேட் விரித்து ரெசின் பூசி வள்ளத்தை உருவாக்கும் ஆட்களின் கூலி. இரண்டும் சேர்ந்தது முதன்மை அடக்கம். அதன்மேல் தொழிற்சாலை மேற்செலவுகள் வரும். கடைசியாக, வருடத் தொடக்கத்தில் பாதியில் நின்ற வேலையைக் கூட்டி, வருடக் கடைசியில் பாதியில் நிற்பதைக் கழித்தால், அந்த வருடம் கட்டி முடித்த வள்ளங்களின் உற்பத்தி அடக்கம் கிடைக்கும். முழுதாக முடிந்து கரையில் நிற்கும் வள்ளத்தின் இருப்பு இதில் வராது. அது அடுத்துள்ள வியாபாரக் கணக்கின் வேலை.

ஒரு வருடக் கணக்கையே காட்டுகிறேன். படிக்க வசதியாகத் தொகைகளை முழுதாக்கியிருக்கிறேன். பழுதுவேலைக்குப் போன ரெசின், கூலி, மேற்செலவில் அதன் பங்கு எல்லாம் முன்பே பிரித்து எடுக்கப்பட்டவை.

| விவரம் | ரூபாய் |
|---|---:|
| மூலப்பொருள் தொடக்க இருப்பு | 1,80,000 |
| வாங்கியது | 21,40,000 |
| உள்தூக்குக் கூலி | 60,000 |
| கழிக்க: இறுதி இருப்பு | 2,30,000 |
| செலவான மூலப்பொருள் | 21,50,000 |
| நேரடிக் கூலி (கொடுபட வேண்டிய 30,000 உட்பட) | 7,50,000 |
| முதன்மை அடக்கம் | 29,00,000 |
| தொழிற்சாலை மேற்செலவுகள் | 5,00,000 |
| கழிக்க: காலி டிரம், கழிவு விற்றது | 20,000 |
| கூட்டுக: தொடக்கத்தில் பாதி வேலை | 1,40,000 |
| கழிக்க: இறுதியில் பாதி வேலை | 3,20,000 |
| கட்டி முடித்தவற்றின் உற்பத்தி அடக்கம் | 32,00,000 |

அந்த வருடம் முடித்தவை ஒரே அளவில் 20 வள்ளங்கள். ஆக ஒன்றுக்கு 1,60,000.

இந்தக் கணக்கின் உயிர் அந்தப் பாதி வேலை வரிகளில்தான் இருக்கிறது. இரண்டு வரிகளையும் விட்டுவிட்டால் அடக்கம் 33,80,000 ஆகி, வள்ளம் ஒன்றுக்கு 1,69,000 என்று காட்டும். விற்றது 1,75,000-க்கு. இலாபம் 6,000-மா 15,000-மா என்பது பாதி வேலையை எண்ணினோமா இல்லையா என்பதைப் பொறுத்தே மாறுகிறது. பேரம் பேச வந்தவர், "காக்கா, அஞ்சாயிரம் குறைச்சுத் தாங்க, ரெண்டா எடுத்துக்கிறேன்" என்று நிற்கும்போது முதலாளிக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். 6,000 என்று நம்பினால் ஆர்டரைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

மார்ச் 31 அன்று பாதி வேலையை மதிப்பிடுவது எப்படி? நான் மேஸ்திரியைக் கூட்டிக்கொண்டு அச்சு அச்சாகப் போவேன். அந்த வருடம் மூன்று நின்றன. இரண்டு வள்ளங்களுக்கு உடல் அச்சிலிருந்து வெளியே வந்து, உள்ளே குறுக்குக் கட்டைகள் வைத்து மேட் சுற்றியாகிவிட்டது, மேல்தளம்தான் பாக்கி. அதுவரை ஒவ்வொன்றிலும் இறங்கிய பொருள் 80,000, கூலி 24,000. மூன்றாவது இன்னும் அச்சுக்குள்ளேயே இருந்தது. பொருள் 56,000, கூலி 14,400. மேற்செலவை வருடக் கூலியோடு ஒப்பிட்டால் 7,50,000-க்கு 5,00,000, அதாவது கூலியில் மூன்றில் இரண்டு பங்கு. அதே விகிதத்தில் முதல் இரண்டுக்கும் 16,000 வீதம், மூன்றாவதுக்கு 9,600. ஆக 1,20,000, 1,20,000, 80,000. மொத்தம் 3,20,000.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். "பாதி முடிஞ்சிருச்சு" என்று மேஸ்திரி சொல்வது வேலையின் அளவை. பொருள் அதே வேகத்தில் இறங்குவதில்லை. உடல் போடும்போதே ரெசினும் மேட்டும் பெரும்பகுதி இறங்கிவிடும். தேய்ப்பும் பூச்சும் கூலியை இழுப்பது கடைசியில்தான். முதல் இரண்டு வள்ளங்களில் பொருள் ஐந்தில் நான்கு பங்கு இறங்கியிருந்தபோது கூலி மூன்றில் இரண்டு பங்குதான் இறங்கியிருந்தது. அதனால் பொருளுக்கு ஒரு அளவு, கூலிக்கு ஒரு அளவு என்று தனித்தனியாகவே கேட்டு எழுதுகிறேன்.

அடுத்து மேற்செலவு. அந்த 5,00,000-இல் கொட்டகை வாடகை 1,20,000, மேஸ்திரி சம்பளம் 1,80,000, மின்சாரமும் டீசலும் 48,000, அசிட்டோன், மெழுகு, பிரஷ், கிரைண்டிங் தகடு வகையறா 72,000, அச்சின் தேய்மானம் 60,000, சில்லறைப் பழுது 20,000. மேஸ்திரி ஏன் நேரடிக் கூலியில் இல்லை என்று கேட்பார்கள். எங்கள் மேஸ்திரி எல்லா அச்சுகளையும் மேற்பார்ப்பவர். அவர் சம்பளத்தை இந்த வள்ளத்துக்கு இவ்வளவு என்று கைகாட்ட முடியாது. அச்சுக்கு வருட விகிதத்தில் தேய்மானம் போடுவது எனக்குச் சரிப்படவில்லை. அது தேய்வது வள்ளம் எடுக்க எடுக்கத்தான். 3,00,000 ரூபாய் அச்சில் சுமார் 100 வள்ளம் எடுக்கலாம் என்று மேஸ்திரி கணித்தார். வள்ளத்துக்கு 3,000 என்று ஏற்றுகிறோம்.

எது உள்ளே வரக்கூடாது என்பதும் அதே அளவு முக்கியம். வள்ளத்தைத் தொண்டிக்கோ தேவிபட்டினத்துக்கோ லாரியில் ஏற்றி அனுப்பும் வாடகை வெளித்தூக்குக் கூலி. இலாப நட்டக் கணக்குக்குப் போகும். வங்கி வட்டியும் அங்கேதான். வாங்குபவருக்காக நாமே எஞ்சின் வாங்கிக் கொடுத்தால் அது மூலப்பொருள் ஆகாது. வாங்கி விற்ற சரக்கு, நேரே வியாபாரக் கணக்கு. இந்த ஒன்று உள்ளே நுழைந்துவிட்டாலே வள்ளத்தின் அடக்கம் கன்னாபின்னாவென்று ஏறிவிடும். திரும்பக் கிடைக்கும் ஜி.எஸ்.டி.யையும் வாங்கிய விலையில் சேர்ப்பதில்லை.

நீண்ட நாள் பழக்கத்தில் எனக்கு அதிகம் கைகொடுப்பது ஒரு சிறு சோதனை. நறுக்கிழை மேட்டைக் கையால் பூசும்போது, ஒரு கிலோ மேட்டுக்கு இரண்டு முதல் இரண்டரை கிலோ ரெசின் குடிக்கும். நெய்த ரோவிங்குக்கு ஏறக்குறைய சம எடை. கணக்குப்படி செலவான மேட், ரோவிங் எடையிலிருந்து எவ்வளவு ரெசின் போயிருக்க வேண்டும் என்று போட்டுப் பார்த்து, புத்தகத்தில் உள்ள ரெசின் செலவோடு ஒப்பிடுவேன். கொஞ்சம் முன்பின் இருந்தால் சரி, சிந்தல் சேதாரம் உண்டு. ரெசின் மட்டும் எக்கச்சக்கமாக ஏறியிருந்தால் மூன்று இடங்களைத்தான் பார்ப்பேன்.

முதலாவது, இறுதி இருப்பை எண்ணிய விதம். டிரம்மைக் கண்ணால் பார்த்து "அரை டிரம்" என்று எழுதக்கூடாது. தராசில் ஏற்றி, காலி டிரம்மின் எடையைக் கழித்து எழுத வேண்டும்.

இரண்டாவது, பழுதுவேலை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகுகள் கரையேறி நிற்கும், மர உடலுக்கு ஃபைபர் போர்த்த ஆட்கள் வரிசையில் வருவார்கள். நம் கிட்டங்கியிலிருந்து ரெசின் போகும், நம் ஆட்களே போவார்கள். அன்றன்றைக்குச் சீட்டு எழுதாவிட்டால் அந்தச் செலவு முழுதும் புது வள்ளத்தின் தலையில் விழும். பழுதுவேலையோ தங்கச் சுரங்கம்போலத் தெரியும். சீட்டு முறை வந்த பிறகுதான் எங்கள் பழுதுவேலையின் கட்டணம் குறைவு என்பது புரிந்து, முதலாளி ஏற்றினார்.

மூன்றாவது, டிரம்மிலேயே கெட்டியான ரெசின். இந்த வெயிலில் பழைய சரக்கு சில மாதங்களில் தானாகவே உறைந்துவிடும். வழக்கமான சேதாரம் அடக்கத்தில் இருக்கலாம். முழு டிரம் உறைந்துபோனால் அது இயல்பு மீறிய நட்டம். மூலப்பொருள் செலவிலிருந்து எடுத்து இலாப நட்டக் கணக்கில் வைக்கிறேன். சரக்கிருப்பு மதிப்பீட்டுக்கான கணக்கியல் தரநிலை 2 சொல்வதும் இதுவே: இயல்பு மீறிய சேதாரம் சரக்கின் அடக்கத்தில் சேராது. அதே தரநிலை இன்னொன்றும் சொல்கிறது. உற்பத்தி குறைந்த காலத்தில் வாடகை போன்ற நிலையான மேற்செலவைக் குறைந்த எண்ணிக்கையின்மேல் முழுதாக ஏற்றக்கூடாது. இயல்பான உற்பத்தி அளவை வைத்தே பங்கிட வேண்டும். வடகிழக்குப் பருவமழை நீண்டு, ஈரத்தில் பூச்சு வேலை நின்றுபோன வருடத்தில் இது உதவியது. இல்லாவிட்டால் மார்ச்சில் பாதியில் நின்ற வள்ளங்களின் மதிப்பு, மழையால் சும்மா கிடந்த கொட்டகையின் வாடகையையும் சேர்த்து ஊதிப் போயிருக்கும்.

குறை ஒன்று உண்டு. இந்தக் கணக்கு தருவது சராசரி. எல்லாம் ஒரே அளவு வள்ளமாக இருந்த வருடத்தில் 1,60,000 என்பதை நம்பி விலை சொல்லலாம். 24 அடியும் 32 அடியும் கலந்து கட்டும் வருடத்தில் மொத்த அடக்கத்தை எண்ணிக்கையால் வகுத்தால், சின்ன வள்ளத்துக்கு அதிக விலையும் பெரியதற்குக் குறைந்த விலையும் சொல்லிவிடுவோம். அதற்காக இப்போது ஒவ்வொரு அச்சின் பக்கத்திலும் ஒரு அட்டை தொங்குகிறது. எத்தனை கிலோ மேட், எத்தனை கிலோ ரெசின், யார் எத்தனை நாள் என்று மேஸ்திரி அதில் குறிக்கிறார். வருடக் கடைசியில் அட்டைகளின் கூட்டுத்தொகையும் உற்பத்திக் கணக்கின் முதன்மை அடக்கமும் கிட்டத்தட்ட ஒத்து வர வேண்டும். பெரிதாக விலகினால் ரெசின் வரியிலிருந்துதான் தேட ஆரம்பிப்பேன்.