இளம்பிள்ளைச் சேலைகளும் இரு முறை முடங்கிய என் வாட்ஸ்அப் எண்ணும்: ஏழாண்டு அனுபவம்

இளம்பிள்ளையில் தறிக்காரர்களிடம் சேலை எடுத்து, ஆத்தூர், ஓமலூர், நாமக்கல், தருமபுரி எனச் சுற்றுவட்டாரத்து ரீசெல்லர்களுக்கு மொத்தமாக அனுப்பும் தொழிலை 2018 முதல் செய்து வருகிறேன். இத்தொழிலில் கடையைவிட வாட்ஸ்அப்தான் பெரிது. காலையில் புதுச் சரக்கின் படங்களை அனுப்பினால் மதியத்துக்குள் ஆர்டர் வந்துவிடும். முதல் நான்கு ஆண்டுகள் என் சொந்த எண்ணிலிருந்தே எல்லோருக்கும் அனுப்பினேன். அந்த எண் 2022 தீபாவளிக்கு முன்பு ஒரு முறையும், 2023 பொங்கலுக்கு முன்பு மறுமுறை நிரந்தரமாகவும் முடங்கியது. அது ஏன் முடங்கியது என்பதைப் பின்னர் புரிந்துகொண்டபடியும், அதன்பின் பயன்படுத்தி வரும் வழிகள் எப்படி உழைக்கின்றன என்பதையும் இங்கே பதிகிறேன்.

தொடக்கத்தில் ஒரு படத்தை ஃபார்வர்டு செய்ய ஒரு நேரத்தில் ஐந்து பேரைத்தான் தேர்ந்தெடுக்க முடிந்தது. வதந்திகள் பரவியதை அடுத்து 2018-இல் இந்தியாவில் கொண்டுவரப்பட்ட இந்த வரம்பு, 2019 ஜனவரியில் உலகம் முழுவதற்குமானது. எழுநூறு பேருக்கு ஐந்தைந்தாக அனுப்பிக்கொண்டிருந்தால் காலைப் பொழுது அதிலேயே கழிந்துவிடும். 2022-இல் ஒருவர் கணினி உலாவியில் சேர்க்கும் ஒரு நீட்சியைப் பரிந்துரைத்தார். எண்களை எக்செல் தாளில் கொடுத்துவிட்டால், அது வாட்ஸ்அப் வெப் வழியாக ஒவ்வொரு எண்ணாகத் திறந்து படத்தையும் விலையையும் அனுப்பிவிடும். இரண்டு செய்திகளுக்கு இடையே சில வினாடிகள் இடைவெளி விடுவதால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்றும் அவர் உறுதி கூறினார். அதை நம்பி, 740 எண்களுக்கு அடுத்தடுத்து மூன்று நாட்கள் அனுப்பினேன். நான்காம் நாள் காலையில் செயலியைத் திறந்தபோது, இந்தக் கணக்கு வாட்ஸ்அப்பைப் பயன்படுத்த அனுமதிக்கப்படவில்லை என்ற அறிவிப்பும், அதன் கீழே "Request a review" என்ற பொத்தானும் மட்டுமே இருந்தன.

அப்போது என் மனத்தில் எழுந்த கேள்வி, செய்திகள் இரு முனையிலும் பூட்டப்பட்டவை என்று சொல்லும் நிறுவனம், நான் என்ன அனுப்பினேன் என்று எப்படி அறிந்தது என்பதுதான். உள்ளே இருப்பதை அது படிக்க வேண்டியதே இல்லை. ஒரு கணக்கு எவ்வளவு வேகத்தில், எத்தனை புதிய எண்களுக்கு, எத்தனை பதில்களைப் பெற்று அனுப்புகிறது என்ற நடத்தையே போதுமான சான்றாகிறது. மனிதக் கை ஒரு மணி நேரத்தில் இருநூறு அறியாத எண்களுக்கு ஒரே படத்தை அனுப்பாது; அனுப்பினாலும் அவர்களுள் சிலராவது ஏதேனும் பதில் சொல்லியிருப்பார்கள். வாட்ஸ்அப் 2019-இல் வெளியிட்ட விளக்க அறிக்கையில், மொத்தமாகவோ தானியங்கியாகவோ அனுப்பியதற்காக மாதந்தோறும் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகளை முடக்குவதாகவும், அவற்றுள் முக்கால் பங்குக்கும் மேலானவை அண்மையில் எவரும் புகார் கொடுக்காமலே முடங்குவதாகவும் சொல்லப்பட்டது. யாரும் புகார் செய்யவில்லையே என்று நான் ஆறுதல் கொண்டிருந்தது எவ்வளவு வலுவற்ற நினைப்பு என்பது அந்த அறிக்கையைப் படித்த பின்புதான் விளங்கியது.

புகாரும் இல்லாமல் இல்லை. எண்ணைச் சேமித்து வைக்காத ஒருவருக்கு முதல் செய்தி போகும்போது, அவர் திரையில் தடைசெய், புகார் செய், தொடர்பில் சேர் என்ற வாய்ப்புகள் தோன்றுகின்றன. அவர் புகாரைத் தேர்ந்தெடுத்தால், என்னிடமிருந்து அவருக்கு வந்த கடைசி ஐந்து செய்திகள் வாட்ஸ்அப்புக்குப் போய்ச் சேர்கின்றன. இந்த ஒரு இடத்தில் மட்டும் உள்ளடக்கமும் அவர்கள் கைக்குக் கிடைக்கிறது. ஓமலூர்ப் பக்கத்து வாடிக்கையாளர் ஒருவர் பின்பு நேரில் வந்தபோது, "அக்கா, யாரு நம்பருன்னே தெரியல. தினமும் படம் வந்துக்கிட்டே இருந்துச்சு, அதான் ரிப்போர்ட் அடிச்சுட்டேன்" என்று சங்கடத்தோடு சொன்னார். அவர் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஒரு கண்காட்சியில் பெயரும் எண்ணும் எழுதிக் கொடுத்தவரே அவர்; தினமும் படம் அனுப்புங்கள் என்று அவர் கேட்கவே இல்லை.

முதல் முறை மறுபரிசீலனைக்கு விண்ணப்பித்தேன். குறுஞ்செய்தியில் வந்த ஆறு இலக்கக் குறியீட்டை இட்டு, நடந்ததை நான்கு வரிகளில் எழுதினேன். மறுநாள் கணக்கு திரும்பக் கிடைத்தது. அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். மாறாக, நாளொன்றுக்கு 150 பேர், இடைவெளி இன்னும் அதிகம் என்று அளவை மட்டும் குறைத்தேன். அளவு குறைந்தாலும் பட்டியல் அதே பழைய பட்டியல்தான். அவர்களில் பெரும்பாலோர் என் எண்ணைச் சேமித்திருக்கவில்லை. 2023 ஜனவரியில் இரண்டாம் முறை முடங்கியபோது விண்ணப்பம் மறுக்கப்பட்டது.

இழப்பு எதுவென்று அப்போதுதான் முழுமையாகத் தெரிந்தது. தொடர்பு எண்கள் கைபேசியிலேயே இருந்தன. பணம் செலுத்தியதற்கான ஸ்கிரீன்ஷாட்டுகள் கேலரியில் இருந்தன. ஆனால் எந்தப் படம் யாருடையது, எந்த முகவரிக்கு எத்தனை சேலை, எந்த லாரி ஆபீசில் போட வேண்டும் என்பவை எல்லாம் திறக்க முடியாத அரட்டைகளுக்குள் கிடந்தன. காப்புப் பிரதி இருந்தும் பயனில்லை. முடக்கப்பட்ட எண்ணில் அதை மீட்க இயலாது. பொங்கல் ஆர்டர்களில் 31 பேருக்குத் தொலைபேசியில் அழைத்து, என்ன கேட்டீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் விசாரித்தே சரக்கை அனுப்பினேன். அதனால்தான், ஆர்டர் விவரத்தை அன்றன்றே ஒரு நோட்டிலோ எக்செல்லிலோ எழுதிவிட வேண்டும் என்பதை எல்லா மாற்று வழிகளுக்கும் முன்னால் வைக்கிறேன்.

புதிய எண்ணில் வாட்ஸ்அப் பிசினஸ் செயலியோடு மீண்டும் தொடங்கினேன். பிசினஸ் செயலிக்கு மாறினாலே மொத்தமாக அனுப்ப அனுமதி கிடைத்துவிடும் என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது; அது சரியன்று. மொத்தமாக அனுப்புவோர் மீது சட்ட நடவடிக்கையும் எடுக்கப்படலாம் என்ற எச்சரிக்கை 2019 டிசம்பர் 7 முதல் நடைமுறையில் உள்ளது. அதில் செயலியின் வகையைப் பார்த்து விலக்கு எதுவும் இல்லை. கேட்லாக், லேபிள், விரைவுப் பதில் ஆகியவை வேலையை எளிதாக்குகின்றன, அவ்வளவே.

என் நடைமுறையை உண்மையில் மாற்றியது, ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனி அரட்டையாக அனுப்பும் பிராட்காஸ்ட் லிஸ்ட்டைச் சரியாகப் புரிந்துகொண்டதுதான். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம்; ஆனால் நம் எண்ணைத் தம் கைபேசியில் சேமித்து வைத்தவருக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். முன்பு இதை ஒரு குறையாகக் கருதியே அந்த நீட்சியின் பக்கம் போனேன். இப்போது அந்தக் குறையையே ஒரு வடிகட்டியாகப் பயன்படுத்துகிறேன். அனுப்பிய செய்தியை அழுத்திப் பிடித்து அதன் தகவல் பக்கத்தைத் திறந்தால் யாருக்குச் சேர்ந்தது என்ற பெயர்ப் பட்டியல் வரும். மூன்று நாட்களுக்குப் பிறகும் சேராதவர்கள் பெரும்பாலும் எண்ணைச் சேமிக்காதவர்களே. என் பழைய 740 எண்களை இப்படிச் சோதித்தபோது, என் புதிய எண்ணைச் சேமித்து வைத்திருந்தவர்கள் 268 பேர் மட்டுமே. மற்றவர்களில் பெரும்பாலோருக்கு அழைப்பின்றியே அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

புதியவர்களைச் சேர்க்க, அவர்களே முதலில் எனக்கு எழுதும்படி செய்தேன். அதற்கு இப்படி ஓர் இணைப்பு போதும்:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=SAREE
```

கூட்டல் குறியும் முன் பூஜ்யமும் இல்லாமல், நாட்டுக் குறியீட்டோடு எண்ணை எழுத வேண்டும். இந்த இணைப்பைக் கியூஆர் ஆக்கி, பில்லிலும் சேலை உறையிலும் அச்சிட்டிருக்கிறேன். அதை ஸ்கேன் செய்பவருக்கு அரட்டை திறந்து, அந்த ஒரு சொல் தயாராக நிற்கும்; அவர் அனுப்பினால் போதும். எண்ணைச் சேமித்தால்தான் தினப் படங்கள் வரும் என்று விரைவுப் பதிலில் சொல்லிவிடுகிறேன். சேமிப்பதும் சேமிக்காததும் அவர் விருப்பம்.

வாட்ஸ்அப் சேனல் 2023 செப்டம்பரில் இந்தியாவுக்கு வந்ததும் தினப் படங்களில் பெரும்பகுதியை அங்கே மாற்றினேன். பின்தொடர்பவரின் எண் மற்றவர்களுக்குத் தெரியாது என்பது பெண் ரீசெல்லர்கள் பலருக்குப் பெரிய நிம்மதி. குழுவில் எண்ணைப் பார்த்துத் தேவையற்ற அழைப்புகள் வந்த அனுபவம் அவர்களுக்கு உண்டு. விரும்பி வந்தவர்களே அங்கே இருப்பதால் எத்தனை படம் போட்டாலும் அறியாதவரைத் தொந்தரவு செய்த கணக்காகாது. குறை என்னவென்றால், அறிவிப்பு ஒலி இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கும். அவர்களாக மணிக் குறியைத் தொட்டு இயக்க வேண்டும். அங்கேயே பதில் எழுதி ஆர்டர் கொடுக்கவும் முடியாது. ஆகவே ஒவ்வொரு பதிவின் அடியிலும் மேற்சொன்ன இணைப்பைச் சேர்க்கிறேன். சேனல் வழியாக வரும் ஆர்டர், பிராட்காஸ்ட் வழியாக வருவதைவிட மெதுவாகத்தான் வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

2024 முதல், பண்டிகைக் கால அறிவிப்புகளுக்கும் பார்சல் அனுப்பிய தகவலுக்கும் தனி எண்ணில், நிறுவனங்கள் மென்பொருள் வழியாகச் செய்தி அனுப்ப வாட்ஸ்அப்பே தரும் அதிகாரப்பூர்வ ஏபிஐ சேவையைப் பயன்படுத்துகிறேன். ஓர் இடைநிலைச் சேவையாளர் மூலம் பதிவு செய்தேன். ஜிஎஸ்டி சான்றிதழைக் கொடுத்து நிறுவனத்தைச் சரிபார்த்த பின், அனுப்பவிருக்கும் வாசகத்தின் வார்ப்புருவைத் தமிழிலேயே எழுதி ஒப்புதல் பெற வேண்டும். தொடக்கத்தில் 24 மணி நேரத்தில் 250 பேருக்கு மட்டுமே நாமாக அனுப்பலாம். பெறுபவர்கள் தடைசெய்யாமலும் புகார் செய்யாமலும் இருந்தால் அந்த வரம்பு படிப்படியாக உயரும். எண்ணின் தர மதிப்பீடு பச்சை, மஞ்சள், சிவப்பு என்று தெரிவதால் ஆபத்து முன்கூட்டியே புலப்படுகிறது. என் சொந்தக் கணக்கு முடங்கியபோது இப்படி ஓர் எச்சரிக்கையும் எனக்கு வரவில்லை. விளம்பர வகைச் செய்தி ஒன்றுக்கு எனக்கு வரியோடு ஏறத்தாழ ஒரு ரூபாய் ஆகிறது. சேவையாளரின் மாதக் கட்டணம் தனி. ஒருவருக்குப் பல நிறுவனங்களிடமிருந்து வரும் விளம்பரங்களின் எண்ணிக்கைக்கு வாட்ஸ்அப் வரம்பு வைத்திருப்பதால், சிலருக்குப் போய்ச் சேராது. சேராததற்குக் கட்டணமும் இல்லை. வாரம் ஒரு முறை படம் அனுப்பும் சிறு வியாபாரிக்கு இந்தச் செலவு தேவையில்லை என்றே கருதுகிறேன். சேனலும் பிராட்காஸ்ட்டும் போதும்.

இப்போது பிராட்காஸ்ட்டில் 410 பேர், இரண்டு பட்டியல்களாக இருக்கிறார்கள். வேண்டாம் என்று யாராவது எழுதினால் அன்றே நீக்கிவிட்டு, நீக்கிவிட்டேன் என்று ஒரு வரி அனுப்புகிறேன். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை தகவல் பக்கத்தைப் பார்த்து, தொடர்ந்து சேராதவர்களையும் எடுத்துவிடுகிறேன். சென்ற தீபாவளிக்கு முன் இப்படி 23 பேரை எடுத்தேன்; அவர்களில் இருவர் பின்னர் பில்லில் இருந்த கியூஆரை ஸ்கேன் செய்து தாமாகவே திரும்பி வந்தார்கள்.